ஐம்பத்தெட்டு நிமிஷமும் ஒரு முகஸ்துதியும்

ஜனவரி மாதத்தில் முதன்முறையாக முழு மாரத்தான் ஓடுவதற்குப் பணம் கட்டிப் பெயர் பதிந்துவிட்டு, அதற்கு முன்னோட்டமாகச் சென்ற ஞாயிற்றுக்கிழமை பத்துக் கிலோமீட்டர் பந்தயத்தை ஓடி முடித்திருக்கும் சென்னை நண்பர்களுக்கு,



பந்தயம் முடிந்து, கழுத்தில் பதக்கமும் கையில் பாதி உரித்த வாழைப்பழமுமாக நீங்கள் கடற்கரைச் சாலைக்குப் பின்புறத் தெருவிலுள்ள டீக்கடையில் கூடியிருந்தபோது, நானும் அங்கேதான் ஓர் ஓரமாக நின்றிருந்தேன். ஒருவர் பின் ஒருவராக உங்கள் நேரத்தைக் கைப்பேசியில் தட்டிப் போட்டீர்கள். அதுவும் உடனுக்குடன் ஒவ்வொருவருடைய மாரத்தான் நேரத்தையும் சொல்லிக்கொண்டே வந்தது. 58 நிமிஷத்தில் ஓடியவருக்கு 4 மணி 26 நிமிஷம் 49 விநாடி என்று விடை கிடைத்தது. அதைக் கேட்டு அவர் முகம் மலர்ந்ததையும், கிலோமீட்டருக்கு 6 நிமிஷம் 19 விநாடி என்ற கணக்கை அப்போதே மனப்பாடம் செய்துகொண்டதையும் பார்த்தேன். மணியும் நிமிஷமுமாகச் சொல்லியிருந்தால்கூட நான் பேசாமல் போயிருப்பேன். அந்த 49 விநாடிதான் இம்மடலை எழுத வைத்தது. விநாடி சுத்தமாகச் சொல்லப்படும் எதையும் நம்பிவிடுகிற சுபாவம் நமக்கு உண்டு. ஜோசியர் கூட 'நாலரை மணிவாக்கில்' என்று சொன்னால்தான் நாம் சந்தேகப்படுகிறோம்.

கைப்பேசிக்குள் இருந்து பேசிய அந்தச் சூத்திரம் பெரும்பாலும் ஒன்றேதான். அமெரிக்கப் பொறியாளரும் ஓட்டக்காரருமான பீட்டர் ரீகல் என்பவர் 1977-இல் 'ரன்னர்ஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் வெளியிட்டு, 1981-இல் 'அமெரிக்கன் சயன்டிஸ்ட்' பத்திரிகையில் விரித்து எழுதியது அது:

T2 = T1 × (D2 / D1)^1.06

D1 என்பது நீங்கள் ஓடிய தூரம், T1 அதற்கு ஆன நேரம்; D2 ஓடப்போகும் தூரம், T2 அதற்கு ஆகப்போகும் நேரம். தூரம் எத்தனை மடங்கோ நேரமும் அத்தனையே மடங்கு என்றால் மேலே உள்ள அடுக்கு வெறும் 1-ஆக இருந்திருக்கும். மனிதன் களைப்படைகிறவன் என்ற உண்மை முழுவதும் அந்த 0.06 என்ற சிறு பின்னத்துக்குள் அடங்கியிருக்கிறது. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் வேகம் ஏறக்குறைய 4 சதவீதம் குறையும் என்பது அதன் தாத்பரியம். பத்துக் கிலோமீட்டருக்கும் 42.195 கிலோமீட்டருக்கும் இடையே இரண்டு இரட்டிப்புக்குச் சற்று அதிகம் இருப்பதால், மொத்தத்தில் 9 சதவீதம் தளர்வு. பத்துக் கிலோமீட்டர் நேரத்தை 4.6-ஆல் பெருக்கினால் மாரத்தான் நேரம். இவ்வளவுதான் விஷயம். கைப்பேசி இல்லாமலே டீக்கடைப் பலகையில் விரலால் போட்டுவிடக்கூடிய பெருக்கல்.

இந்தச் சூத்திரத்தைப் பொய் என்று சொல்லுவதற்காக நான் எழுதவில்லை. அது சொல்லும் உண்மை யாரைப் பற்றியது என்று விசாரிக்கவே எழுதுகிறேன். உகாண்டா நாட்டின் ஜோஷுவா செப்டெகெய் 2020 அக்டோபரில் ஸ்பெயினின் வலென்சியா நகரத்து மைதானத்தில் 10,000 மீட்டரை 26 நிமிஷம் 11 விநாடியில் ஓடி உலக சாதனை செய்தார். அந்த நேரத்தைச் சூத்திரத்தில் இட்டால் மாரத்தானுக்கு வரும் விடை 2 மணி 0 நிமிஷம் 27 விநாடி. கென்யாவின் கெல்வின் கிப்டம் 2023 அக்டோபரில் சிகாகோவில் மாரத்தான் உலக சாதனையாக ஓடியதோ 2 மணி 0 நிமிஷம் 35 விநாடி. நாற்பது ஆண்டுகளுக்கு மேலான பழஞ்சூத்திரம், அது பிறந்தபோது பிறந்தேயிராத இருவருடைய நேரங்களுக்கு இடையே எட்டே விநாடி வித்தியாசத்தில் பொருந்தி நிற்பதைப் பார்க்கையில் யாருக்கும் வியப்பு ஏற்படத்தான் செய்யும், எனக்கும் ஏற்பட்டது.

ஆனால் 'இருவருடைய' என்று சொன்னேனே, அங்கேதான் சங்கதி இருக்கிறது. 26:11 ஒருவருடையது, 2:00:35 வேறொருவருடையது. ரீகல் தம் கணக்குக்கு ஆதாரமாகக் கொண்டவை உலக சாதனைகள். ஒவ்வொரு தூரத்துக்கும் அந்தத் தூரத்துக்கென்றே பல வருஷம் தேகத்தைப் பழக்கிய வேறு வேறு மனிதர்கள் நாட்டிய புள்ளிகளை வரிசையாக வைத்து, அவற்றின் ஊடே அவர் ஒரு கோட்டை இழுத்தார். ஆகவே அக்கோட்டின் மீது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகிறவன், வழியில் தன்னையறியாமலே ஆள் மாறிவிடுகிறான். பத்துக் கிலோமீட்டர்க்காரனாகப் புறப்பட்டு, மாரத்தான்காரனாகப் போய்ச் சேருகிறான். செப்டெகெய் தாமே 2023 டிசம்பரில், அதே வலென்சியா நகரத்தில், மேடு பள்ளமற்ற சாலையில், தம் முதல் மாரத்தானை ஓடினார். நேரம் 2 மணி 8 நிமிஷம் 59 விநாடி. சூத்திரம் அவருக்குச் சொல்லியிருக்கக்கூடியதைவிட எட்டரை நிமிஷம் அதிகம். அவருடைய 0.06, முதல் மாரத்தானில் 0.11 ஆகிவிட்டது. பத்துக் கிலோமீட்டரில் உலகத்தில் தமக்கு நிகரில்லாத ஒருவருக்கே முதல் தடவை இந்தக் கதி என்றால், வாரத்தில் நான்கு நாள் அலுவலகத்துக்கு முன் ஓடும் நமக்கு அந்தப் பின்னம் எவ்வளவாயிருக்கும் என்பதைச் சற்றே நிதானமாக யோசிக்க வேண்டாமா?

ரீகல் இதை மறைத்தவரும் அல்ல. தம் சூத்திரம் மூன்றரை நிமிஷத்திலிருந்து 230 நிமிஷம் வரை நீடிக்கும் முயற்சிகளுக்கே பொருந்தும் என்று அவரே எல்லை கட்டினார். 230 நிமிஷம் என்பது 3 மணி 50 நிமிஷம். அதை 4.6-ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக 50 நிமிஷம் வரும். பத்துக் கிலோமீட்டரை 50 நிமிஷத்துக்குள் ஓடாத எவருக்கும், அந்தச் சூத்திரம் சொல்லும் விடை சூத்திரத்தின் சொந்த எல்லைக்கே வெளியே விழுகிறது என்று அர்த்தம். அன்று டீக்கடையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர ஏனைய எல்லோரும் அந்த வேலிக்கு அப்புறம் நிற்பவர்களே. கைப்பேசி இதைச் சொல்லுவதில்லை. 75 நிமிஷம் என்று போட்டாலும் அதே மரியாதையோடு விநாடி பிசகாமல் விடை தருகிறது.

ஆண்ட்ரூ விக்கர்ஸ், எமிலி வெர்டோசிக் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், பொழுதுபோக்காக ஓடும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண ஓட்டக்காரர்களின் நேரங்களைத் திரட்டி, 2016-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அரை மாரத்தான் வரையில் ரீகலின் சூத்திரம் நன்றாகவே பொருந்துகிறது என்றும், முழு மாரத்தான் என்று வந்தவுடன் ஓடியவர்களில் பாதிப் பேருக்கு அது குறைந்தபட்சம் 10 நிமிஷமாவது வேகமான நேரத்தைச் சொல்லிவிடுகிறது என்றும் அவர்கள் கண்டார்கள். இதில் நான் கவனிக்கச் சொல்லுவது பத்து நிமிஷத்தை அல்ல. தவறு இரு பக்கமும் சமமாகச் சிதறியிருந்தால் அதை வெறும் தவறு என்று விட்டுவிடலாம். பெரும்பாலும் ஒரே பக்கமாக, கேட்பவன் காதுக்கு இனிதாகவே தவறுகிற வாக்குக்குத் தமிழில் முகஸ்துதி என்று பெயர்.

இனி ஒருவருடைய கதையைச் சொல்லுகிறேன். பெயர் வேண்டாம், விடியற்காலையில் என்னோடு ஓடுகிறவர், எடை 66 கிலோ, வயது நாற்பதைத் தாண்டியவர். அவருடைய பத்துக் கிலோமீட்டர் நேரமும் தற்செயலாக அதே 58 நிமிஷம். வாரத்துக்கு முப்பது கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தார். நம்மவர் 'லாங் ரன்' என்று சொல்லும் ஞாயிற்றுக்கிழமை நெடு ஓட்டத்தில் அதிகபட்சமாக 24 கிலோமீட்டர் போயிருந்தார். பந்தயத்தன்று, ஒவ்வொரு ஐந்து கிலோமீட்டருக்கும் எத்தனை மணியில் இருக்கவேண்டும் என்று அச்சிட்ட காகிதப் பட்டை ஒன்றை மணிக்கட்டில் சுற்றி, வியர்வையில் ஊறிவிடாதிருக்க அதன்மேல் செல்லோ டேப் ஒட்டிக்கொண்டு வந்தார். மேலே பெரிய எழுத்தில் 4:26:49. விடியற்காலை 4 மணிக்குப் புறப்பட்டோம்.

இருபத்தைந்து கிலோமீட்டர் வரையில் அவர் பட்டைக்கும் கடிகாரத்துக்கும் இம்மி பிசகவில்லை. அரைத் தூரத்தை 2 மணி 13 நிமிஷத்தில் கடந்தபோது, 'சுலபமாக இருக்கிறது சார், கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாமா?' என்றுகூடக் கேட்டார். 25-இலிருந்து 30 வரை கிலோமீட்டருக்கு அரை நிமிஷம் கூடி 6:50 ஆயிற்று. தொடையில் ஏதோ இறுகுகிறது என்றார். 30-இலிருந்து 35 வரை 8:05. தண்ணீர்ப் பந்தல்களில் அதுவரை கோப்பையை வாங்கிக்கொண்டே ஓடியவர், இப்போது நின்று, குடித்து, தலையில் ஊற்றி, மேஜையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் கழித்தே நகர்ந்தார். அதன் பிறகு நடையும் ஓட்டமுமாக 10 நிமிஷத்துக்கு மேல் ஒரு கிலோமீட்டர். 5 மணி 7 நிமிஷத்தில் முடித்தார். பட்டையை எங்கே கழற்றி எறிந்தார் என்று அவருக்கே நினைவில்லை. முதல் பாதியைவிட இரண்டாம் பாதிக்கு நாற்பது நிமிஷம் அதிகம், சூத்திரம் எதிர்பார்த்த 9 சதவீதத் தளர்வுக்குப் பதிலாக 25 சதவீதம், 0.06-க்குப் பதிலாக 0.16.

அவருக்கு என்ன நேர்ந்தது? மனோதிடம் போதவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நம் ஊரில் எதற்கும் சொல்லத் தயாராயிருக்கும் பதில் அது. நான் அதை ஒப்பவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் ஓட, தேக எடையில் கிலோவுக்குச் சுமார் ஒரு கலோரி செலவாகும். வேகம் கூடினாலும் குறைந்தாலும் இதில் பெரிய மாறுதல் இல்லை. அவருடைய 66 கிலோவுக்குப் பத்துக் கிலோமீட்டர் என்பது 660 கலோரி; மாரத்தான் என்பது ஏறத்தாழ 2,800 கலோரி. தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்தாகச் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன், வயிறார உண்டு வந்த மனிதனுக்கும் பொதுவாக 1,500-இலிருந்து 2,000 கலோரி வரையில்தான். கொழுப்போ எவரிடத்திலும் வேண்டிய மட்டும் உண்டு; ஆனால் அது மெதுவாக எரியும் விறகு. உடலை வருத்தி வேகமாக ஓட ஓட, உடம்பு கொழுப்பை ஒதுக்கிவிட்டுக் கிளைகோஜனையே அதிகம் எடுக்கிறது. ஆக, பத்துக் கிலோமீட்டர் பந்தயத்தில் களஞ்சியத்தின் அடி தெரிய வழியே இல்லை. எவ்வளவு சேமித்திருக்கிறோம், எவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கப் பழகியிருக்கிறோம் என்ற இரண்டையும் அந்தப் பந்தயம் சோதிப்பதே கிடையாது. மாதச் சம்பளக்காரர் ஒருவர் முதல் வாரத்தில் கடைத்தெருவில் நடந்துகொள்ளும் விதத்தை மட்டும் பார்த்துவிட்டு, முப்பதாந்தேதி அவர் வீட்டில் அரிசி இருக்குமா என்று சொல்லுவதைப் போன்றது அது. பல்லாண்டு நெடு ஓட்டம் ஓடிப் பழகியவருடைய தசை அதே சிரமத்தில் அதிகக் கொழுப்பை எரிக்கக் கற்றுக்கொண்டிருக்கும். கிளைகோஜனும் அதிகம் சேமிக்கும். சாதனையாளர்களிடமிருந்து வந்த சூத்திரம் இந்தப் பழக்கத்தை எல்லோரிடமும் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுகிறது. கிளைகோஜன் வற்றும் கட்டத்தில் வேகம் மெல்லக் குறைவதில்லை, சரிகிறது; அதனால்தான் 30 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் அந்த இடத்தை ஓட்டக்காரர்கள் 'சுவர்' என்கிறார்கள். வழுவழுப்பான வளைகோடாகப் போகும் எந்தச் சூத்திரத்திலும் சுவர் கிடையாது.

மற்றொன்று, நம் உடம்பு கிலோமீட்டரை அறியாது, அடிகளையும் நேரத்தையுமே அறியும். நிமிஷத்துக்கு 165 அடி வைக்கிற சாதாரண ஓட்டக்காரர் 4 மணி 50 நிமிஷத்தில் வைக்கும் அடிகள் சுமார் 48 ஆயிரம். நிமிஷத்துக்கு 185 அடி வைத்து இரண்டு மணி நேரத்தில் முடிக்கும் சாதனையாளர் வைப்பது 22 ஆயிரத்துச் சொச்சம். தூரம் ஒன்றுதான், ஆனால் மெதுவாகப் போகிறவர் தரையை இருமடங்கு தடவை மிதிக்கிறார். ஒவ்வொரு மிதியிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அப்படித் தாங்கும்போது அதன் நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. பத்துக் கிலோமீட்டரின் பத்தாயிரம் அடியில் அது தெரியாது. என் நண்பருக்கு 25-ஆவது கிலோமீட்டரைத் தாண்டியதும் தொடை இறுகியதைச் சொன்னேன் அல்லவா? அவருடைய மிக நீண்ட பயிற்சி 24 கிலோமீட்டர் என்பதையும் சொன்னேன். அவருடைய தொடை தனக்கு அறிமுகமான கடைசித் தெரு வரைக்கும் ஒழுங்காகவே வந்தது.

இதற்கு மேல் நம் ஊர்ச் சூரியன் இருக்கிறது. சென்னையில் ஜனவரி மாதத்தில் ஏறக்குறைய ஆறரை மணிக்குச் சூரியோதயம். நான்கு மணிக்குப் புறப்பட்டு மூன்றரை மணி நேரத்தில் முடிக்கிறவர் ஒரு மணி நேரமே வெயிலைப் பார்ப்பார். நண்பர் முப்பதாவது கிலோமீட்டரைத் தொட்டபோது மணி ஏழேகால், முடித்தபோது ஒன்பது மணி கடந்துவிட்டது. கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. சூட்டைத் தணிக்க ரத்தம் தோலுக்குப் போவதால் தசைக்குப் போவதற்கு இதயம் அதிகம் துடிக்கவேண்டியிருக்கும். அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கையில் இதயத் துடிப்பு மட்டும் நிமிஷத்துக்குப் பத்துப் பதினைந்து கூடுகிறதென்றால், கடிகாரம் நல்ல செய்தி சொன்னாலும் உடம்பு வேறு செய்தி சொல்லுகிறது என்று கொள்ளுங்கள். மெதுவாக ஓடுகிறவர்களுக்கே நீண்ட நேர வெயில் என்பது நியாயமில்லைதான். ஆனால் சூத்திரத்துக்கு நியாயமும் தெரியாது, வெயிலும் தெரியாது.

ஒரு சிறு கிளைக்கதை. உங்களுடைய அந்தப் பத்துக் கிலோமீட்டர் உண்மையிலேயே பத்துக் கிலோமீட்டர்தானா? எவ்வளவோ பந்தயங்களில் திருப்பத்துக் கம்பத்தைப் போக்குவரத்துக்காரர் சொன்ன இடத்துக்குத் தள்ளி வைத்துவிடுகிறார்கள். இருநூறு மீட்டர் குறைந்திருந்தால் உங்கள் 58 நிமிஷம் உண்மையில் 59 நிமிஷத்துக்கு மேல். மாரத்தானில் அந்தப் பிசகு ஐந்து நிமிஷத்துக்கு மேலாகப் பெருகும். சூத்திரம் செய்த அதே ரீகல், பிற்காலத்தில் அமெரிக்காவில் ஓட்டப் பாதைகளை அளந்து சான்றளிக்கும் பணியில் முன்னணியில் நின்றவர். முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்டர் என்ற எண்ணிக்கைக் கருவியைப் பொருத்திய சைக்கிளில் பாதையை அளந்து, ஒரு வேளை குறைந்துவிடக் கூடாதே என்று ஆயிரத்துக்கு ஒரு மீட்டர் கூட்டியே வைக்கும் முறை அது. தம் சூத்திரத்தில் எதை இடவேண்டும் என்பதில் அவருக்கு அவ்வளவு ஜாக்கிரதை இருந்தது.

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். என் அபிப்பிராயம், அனுபவத்தால் வந்தது, விஞ்ஞானம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்: முதல் மாரத்தானுக்குப் பத்துக் கிலோமீட்டர் நேரத்தை 4.6-ஆல் அல்ல, 5-ஆல் பெருக்குங்கள். 58 நிமிஷம் என்றால் 4 மணி 50. வாரத்துக்கு முப்பது கிலோமீட்டருக்குக் குறைவாக ஓடுகிறவர்களும், ஒருமுறைகூட முப்பது கிலோமீட்டர் ஓடிப் பார்க்காதவர்களும் ஐந்தேகாலால் பெருக்கிக்கொள்ளட்டும். வாரத்துக்கு அறுபதுக்கு மேல் பல மாதமாக ஓடிவருகிறவர்கள் 4.8 என்று வைத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபமில்லை. விக்கர்ஸும் வெர்டோசிக்கும் தங்கள் புதிய கணக்கில் முந்தைய பந்தய நேரத்தோடு வாராந்தரத் தூரத்தையும் கேட்பதற்கு இதுவே காரணம். எவ்வளவு வேகம் என்பதை மட்டும் கேட்டால் போதாது, எவ்வளவு ஓடுகிறாய் என்றும் கேட்கவேண்டும்.

இன்னும் நிச்சயம் வேண்டுமென்றால், மாரத்தானுக்கு ஐந்தாறு வாரம் முன்பாக ஓர் அரை மாரத்தானை மனமார ஓடிவிடுங்கள். அப்போது உங்கள் சொந்தப் பின்னமே உங்களுக்குத் தெரிந்துவிடும், சாதனையாளர்களின் பின்னத்தைக் கடன் வாங்க வேண்டியதில்லை. 58 நிமிஷக்காரருக்கு அரை மாரத்தானில் சூத்திரம் எதிர்பார்ப்பது 2 மணி 8 நிமிஷம். நீங்கள் 2 மணி 12 நிமிஷத்தில் வந்தீர்கள் என்று வையுங்கள். வெறும் நான்கு நிமிஷம்தானே என்று தோன்றும். ஆனால் இந்த இரண்டு நேரங்களிலிருந்து கணக்கிட்டால் உங்கள் அடுக்கு 1.06 அல்ல, 1.10, அதை அப்படியே நீட்டினால் மாரத்தான் 4 மணி 43 நிமிஷம். அரைத் தூரத்தில் நான்கு நிமிஷமாகத் தலைகாட்டிய பற்றாக்குறை முழுத் தூரத்தில் பதினாறாக வளர்ந்துவிடுகிறது. அதுவும் சுவரை எண்ணாத கணக்கு. அரை மாரத்தானில் கிளைகோஜன் தீருவதில்லையாதலால், அந்த 4:43-ஐ ஆகக்கூடிய மிகச் சிறந்த நேரம் என்று கொண்டு, ஐந்து பத்து நிமிஷம் கூட்டி வைப்பதே விவேகம்.

'குறைவாக எண்ணிப் புறப்பட்டு, கடைசியில் தெம்பு மிஞ்சிவிட்டால் நஷ்டந்தானே?' என்று ஓர் இளைஞர் அன்று கேட்டார். நஷ்டத்தையும் கணக்கிட்டுவிடுவோம். முதல் பாதியைக் கிலோமீட்டருக்குப் பத்து விநாடி மெதுவாக ஓடினால் இழப்பது மூன்றரை நிமிஷம். மிஞ்சிய தெம்பால் அதில் ஒரு பங்கை இரண்டாம் பாதியில் மீட்கவும் முடியும். வேகமாக ஓடியதற்கு என் நண்பர் கொடுத்த விலை நாற்பது நிமிஷம், அதில் ஒரு நிமிஷத்தையும் அவரால் மீட்க முடியவில்லை. இரண்டு வருஷம் நான் 4 மணி 30 நிமிஷத்துக்கான கொடியை முதுகில் கட்டிக்கொண்டு 'பேஸர்' வேலை பார்த்திருக்கிறேன். புறப்படும்போது என்னைச் சுற்றி நாற்பது பேருக்குக் குறையாமல் இருப்பார்கள்; 32-ஆவது கிலோமீட்டரில் திரும்பிப் பார்த்தால் நான்கைந்து பேர். அந்த மிஞ்சியவர்களில் பெண்கள் அவர்கள் தொகைக்கு அதிகமாகவே இருந்ததைக் கண்டிருக்கிறேன். இரண்டாம் பாதியில் ஆண்களைவிடப் பெண்கள் சராசரியாகக் குறைவாகவே தளர்கிறார்கள் என்பது பெரிய பந்தயங்களின் கணக்குகளிலும் தெரிகிற விஷயம். அவர்கள் கைப்பேசியைக் குறைவாக நம்புகிறார்கள் என்று என் மனைவி சொல்லுகிறாள்.

நண்பர் கதையை முடித்துவிடுகிறேன். மறு வருஷமும் அவர் பெயர் பதிந்தார். பத்துக் கிலோமீட்டரில் அவருக்கு அதிக முன்னேற்றம் இல்லை; 57 நிமிஷம் 30 விநாடி, அரை நிமிஷம் மட்டுமே குறைந்திருந்தது. சூத்திரத்தைக் கேட்டிருந்தால் மாரத்தானில் இரண்டு மூன்று நிமிஷம் குறையும் என்றிருக்கும். ஆனால் வாரத்துக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடியிருந்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் முப்பதைத் தாண்டி, ஒருமுறை 32 வரை போயிருந்தார். வழியில் ஜெல் பொட்டலங்களை முக்கால் மணிக்கொன்றாக விழுங்கவும் வயிற்றைப் பழக்கிக்கொண்டிருந்தார். ஐந்தால் பெருக்கி 4 மணி 47 என்று பட்டை எழுதினார், இம்முறை பேனாவால், விநாடி இல்லாமல். அரைத் தூரம் 2 மணி 24. மறு பாதி 2 மணி 27. மொத்தம் 4 மணி 51. பத்துக் கிலோமீட்டரில் அரை நிமிஷம் குறைந்த மனிதருக்கு மாரத்தானில் பதினாறு நிமிஷம் குறைந்தது. முப்பத்தைந்தாவது கிலோமீட்டர்ப் பந்தலில், முந்தைய வருஷம் பிடித்துக்கொண்டு நின்ற அதே மாதிரி மேஜையைக் கடக்கையில், கோப்பையை வாங்கிக்கொண்டு ஓடியபடியே, 'இந்த இடத்தைப் பார்த்த ஞாபகமே இல்லை சார்' என்றார்.

வரும் ஜனவரியில் நான் 4 மணி 50 நிமிஷக் கொடியைச் சுமக்கிறேன். 58 நிமிஷக்காரர் அருகில் வந்தால் அடையாளம் கண்டுகொள்வேன்.

இப்படிக்கு,
தங்கள் பின்னால் மெதுவாக ஓடிவரும் ஒருவன்